முதலாவதைக் கழித்தால் இரண்டாவது தெரியும்

1933-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஹோட்டெலிங், கல்வி உளவியல் இதழ் ஒன்றில் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். இன்று புள்ளியியல் படிக்கும் எல்லோரும் கற்கும் முதன்மைக் கூறு ஆய்வு அந்தக் கட்டுரையில்தான் முழு உருவம் பெற்றது. அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் எளிமையானது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 140 பேர் நான்கு தேர்வுகள் எழுதியிருந்தார்கள்: வாசிக்கும் வேகம், வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன், கணக்கு போடும் வேகம், கணக்கில் உள்ள திறன். தரவு ட்ரூமன் கெல்லி என்ற உளவியலாளருடையது. இந்த நான்கு மதிப்பெண்களுக்கும் அடியில் உண்மையில் எத்தனை தனித்தனித் திறமைகள் இருக்கின்றன என்பதே ஹோட்டெலிங்கின் கேள்வி.

அவர் கையில் இருந்தது ஓர் அட்டவணை மட்டுமே. எந்தத் தேர்வு எந்தத் தேர்வோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஒட்டுறவு எண்கள் அதில் இருந்தன. மேலே சொன்ன வரிசையிலேயே தேர்வுகளை வைத்தால் அட்டவணை இப்படி இருக்கும்:

```
1.000   0.698   0.264   0.081
0.698   1.000  -0.061   0.092
0.264  -0.061   1.000   0.594
0.081   0.092   0.594   1.000
```

இரண்டு வாசிப்புத் தேர்வுகளும் தமக்குள் நெருக்கமாக இருக்கின்றன (0.698). இரண்டு கணக்குத் தேர்வுகளும் அப்படித்தான் (0.594). குறுக்கே பார்த்தால் தொடர்பு மெலிந்து கிடக்கிறது. கண்ணுக்கே இவ்வளவு தெரிகிறது. இதை எண்ணாக எடுத்துச் சொல்லத்தான் இந்த அணியின் ஐகன் மதிப்புகள் தேவைப்படுகின்றன.

ஐகன் மதிப்பு என்றால் என்ன? நான்கு எண்களை ஒரு வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் வெக்டர். அணியின் ஒவ்வொரு வரியையும் அந்த நான்கு எண்களோடு முறையே பெருக்கிக் கூட்டினால் வேறு நான்கு எண்கள் கிடைக்கும். பொதுவாகப் புதிய வரிசை பழையதிலிருந்து திசை மாறியிருக்கும். ஆனால் சில சிறப்பான வரிசைகள் மட்டும் திசை மாறாமல், எல்லா எண்களும் ஒரே மடங்கு பெருகியோ சுருங்கியோ வெளியே வரும். அந்த வரிசை ஐகன் வெக்டர், அந்த மடங்கு ஐகன் மதிப்பு. இது போன்ற நான்குக்கு நான்கு சமச்சீர் அணிக்கு, ஒன்றுக்கொன்று செங்குத்தான நான்கு ஐகன் வெக்டர்கள் உண்டு.

அவற்றில் பெரியதைக் கண்டுபிடிக்கும் வழி வியப்பூட்டும் அளவுக்கு எளிது. 1929-இல் ரிஷர்ட் வான் மீஸஸும் ஹில்டா போலாசெக்-கைரிங்கரும் எழுதி வைத்த வழி இது: ஏதோ ஒரு வெக்டரை எடுத்து அணியால் பெருக்கு, வந்த விடையை மறுபடியும் பெருக்கு, பெருக்கிக்கொண்டே இரு. இதற்குப் பவர் முறை என்று பெயர். ஏன் இது வேலை செய்கிறது என்பதைக் கூட்டு வட்டியை வைத்துப் பார்க்கலாம். நீங்கள் எடுத்த வெக்டருக்குள் நான்கு ஐகன் வெக்டர்களும் சிறிது சிறிதாகக் கலந்திருக்கின்றன. நான்கு பேர் ஒரே பெட்டியில் பணம் போட்டது போல என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு பெருக்கலிலும் ஒவ்வொரு பங்கும் தன் தன் வட்டி வீதத்தில் வளர்கிறது. வீதம் அதிகமுள்ள பங்கு தொடக்கத்தில் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், காலப்போக்கில் பெட்டியில் உள்ளது ஏறத்தாழ முழுவதும் அதனுடையதாகிவிடும்.

ஹோட்டெலிங்கின் அட்டவணையில் செய்து பார்ப்போம். தொடக்கம் (1, 1, 1, 1). ஒரு முறை பெருக்கினால் நான்கு வரிகளின் கூட்டுத்தொகைகளே விடையாக வரும்: 2.043, 1.729, 1.797, 1.767. எண்கள் ஊதிப் பெருகாமல் இருக்க, முதல் எண் 1 ஆகும்படி எல்லாவற்றையும் 2.043-ஆல் வகுத்துவிடுகிறோம். அடுத்த சுற்றில் வகுக்கும் எண் 1.893, அதற்கடுத்ததில் 1.869, பிறகு 1.862. இந்த வகுக்கும் எண்தான் ஐகன் மதிப்பை நோக்கி இறங்கி வருகிறது. ஆனால் மெதுவாக இறங்குகிறது. மூன்று தசம இடம் சரியாக 1.847 என்று நிலைக்க ஏறக்குறைய இருபது சுற்று ஆகிறது. வெக்டர் (1, 0.847, 0.751, 0.714) என்று வந்து நிற்கிறது. நான்கு எண்களும் நேர்க்குறி, நான்கும் ஒன்றுக்கொன்று அருகில். எல்லாத் தேர்வுகளிலும் ஒருசேர உயர்த்தும் ஒரு பொதுத்திறமை என்று ஹோட்டெலிங் இதைப் படித்தார்.

இரண்டாவது எங்கே? பவர் முறையை எத்தனை முறை, எந்த வெக்டரிலிருந்து தொடங்கினாலும் அது மறுபடியும் இந்த 1.847-இடமே கொண்டுபோய் நிறுத்தும். இந்த இடத்தில்தான் டிஃப்ளேஷன் வருகிறது.

முதலாவதற்குச் செங்குத்தான ஒரு வெக்டரிலிருந்து தொடங்கினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். தாளில் போதும். அந்தப் பெட்டியில் முதலாமவரின் பணமே இல்லையென்றால் அது வளரவும் முடியாது. ஆனால் எந்தக் கணினியும் எண்களை முடிவில்லாத தசமங்களோடு வைத்துக்கொள்வதில்லை. பதினாறாவது இலக்கத்தில் ஒரு துளி சேர்ந்தாலே போதும், அது மற்றவற்றைவிட வேகமாக வளரத் தொடங்கிவிடும். நம் அட்டவணையில் முதல் ஐகன் மதிப்பு இரண்டாவதைப் போல 1.26 மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துளி 1.26 மடங்கு தலைதூக்குகிறது. சுமார் 160 சுற்றுகளில் பதினாறு இலக்கங்களையும் கடந்து அதுவே முழு விடையாக மாறிவிடும். ஆகவே பங்கை நீக்கினால் மட்டும் போதாது, அதன் வட்டி வீதத்தையே பூஜ்யமாக்க வேண்டும்.

அதைச் செய்வது ஒரே ஒரு கழித்தல். கண்டுபிடித்த வெக்டரை நீளம் 1 ஆகும்படி சுருக்கி u என்று வைத்துக்கொள்வோம், ஐகன் மதிப்பு λ. புதிய அணி:

```
B = A − λ u uᵀ
```

u uᵀ என்பது வெக்டரின் ஒவ்வொரு எண்ணையும் மற்ற ஒவ்வொன்றோடும் பெருக்கி எழுதிய அட்டவணை. B எந்த வெக்டரை என்ன செய்கிறது என்று பாருங்கள். u-வைக் கொடுத்தால் A அதை λ மடங்காக்குகிறது, கழிக்கும் பகுதியும் அதே λ மடங்கைத் தருகிறது, இரண்டும் அடித்துக்கொண்டு பூஜ்யமாகிறது. வேறொரு ஐகன் வெக்டரைக் கொடுத்தால் அது u-வுக்குச் செங்குத்து என்பதால் கழிக்கும் பகுதி அதைத் தொடுவதே இல்லை, A செய்ததையே B-யும் செய்யும். முதல் மதிப்பு மட்டும் பூஜ்யமாகி, மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இனி வரிசையில் பெரியது இரண்டாவதுதான்.

நம் அட்டவணையில் இந்தக் கழித்தலைச் செய்தால் வருவது:

```
 0.338   0.137  -0.233  -0.392
 0.137   0.525  -0.482  -0.308
-0.233  -0.482   0.627   0.239
-0.392  -0.308   0.239   0.663
```

இந்த அட்டவணையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். குறிகள் கட்டம் கட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. வாசிப்போடு வாசிப்பு நேர்க்குறி, கணக்கோடு கணக்கு நேர்க்குறி, வாசிப்போடு கணக்கு எதிர்க்குறி. பொதுத்திறமையின் பங்கை எடுத்துவிட்ட பிறகு மீந்த ஏற்ற இறக்கத்தில், வாசிப்பில் மேலே இருக்கும் பிள்ளை கணக்கில் கீழே இருக்கப் பார்க்கிறது. மூல அட்டவணையில் இது ஒளிந்திருந்தது. கழித்தல் அதை வெளியே கொண்டுவந்தது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். இரண்டாவது விடையைக் கணக்கிடுவதற்கு முன்பே அதன் வடிவம் அட்டவணையில் தெரியத் தொடங்கிவிடுகிறது.

இதிலேயே பவர் முறையை ஓட்டுவோம். குறிகள் தெரிந்துவிட்டதால் (−1, −1, 1, 1) என்று தொடங்கலாம். இந்த முறை பெரிய எண்ணால் வகுக்கிறோம்: 1.602, 1.455, 1.470, 1.466, அடுத்து 1.465. நின்றுவிட்டது. வெக்டர் ஏறத்தாழ (−0.66, −0.93, 1, 0.98). வாசிப்புக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசமே இரண்டாவது கூறு என்று ஹோட்டெலிங்கும் எழுதினார்.

முதலாவதற்கு இருபது சுற்று, இரண்டாவதற்கு ஐந்தே. தொடக்கத்தை நன்றாக ஊகித்தது மட்டும் காரணமில்லை. பவர் முறையின் வேகம், முதல் மதிப்புக்கும் அடுத்த மதிப்புக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. முதல் சுற்றில் போட்டியாளர்கள் 1.847-உம் 1.465-உம். ஒவ்வொரு பெருக்கலிலும் பிழை 0.79 பங்காகத்தான் குறைகிறது, ஓர் இலக்கம் கூடுதலாகச் சரியாக வர பத்துச் சுற்று வேண்டும். கழித்த பிறகு போட்டியாளர்கள் 1.465-உம் மூன்றாவது மதிப்பான 0.521-உம். பிழை 0.36 பங்காகிறது, ஓர் இலக்கத்துக்கு இரண்டு மூன்று சுற்று போதும். கையால் கணக்கிட்ட அந்தக் காலத்தில் இந்த வேறுபாடு மணிக்கணக்கான உழைப்பு. அதனால்தான் ஹோட்டெலிங் 1936-இல் இன்னொரு கட்டுரை எழுதி, அணியை முதலில் அதனாலேயே பெருக்கிக்கொள்ளச் சொன்னார். மூன்று முறை வர்க்கப்படுத்தினால் ஒரு பெருக்கலில் எட்டுச் சுற்றின் பலன் கிடைத்துவிடும்.

இனி இந்த முறை எங்கே சறுக்குகிறது என்பதற்கு வருவோம். கழித்தல் சரியாக இருக்க, கழிக்கப்படும் u சரியாக இருக்க வேண்டும். முதல் வெக்டருக்கு இருபது சுற்று ஓடப் பொறுமையில்லாமல் மூன்றே சுற்றில் நிறுத்திவிட்டோம் என்று வையுங்கள். கையில் இருப்பது (1, 0.830, 0.828, 0.791). உண்மையான திசையிலிருந்து இது சுமார் 3 பாகை சாய்ந்திருக்கிறது. இதை வைத்துக் கழித்துவிட்டு இரண்டாவதைத் தேடினால் ஐகன் மதிப்பு 1.466 என்று வரும். சரியான விடை 1.465. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் வெக்டர் கிட்டத்தட்ட 4 பாகை தவறான திசையில் நிற்கிறது, அதாவது முதலாவதில் இருந்த சாய்வைவிடக் கூடுதலாக. முதல் வெக்டரில் இருக்கும் சிறு சாய்வு, முதல் மதிப்பை இரண்டாவதால் வகுத்தால் வரும் மடங்கால் பெருகி இரண்டாவதில் போய்ச் சேருகிறது. இங்கே அது 1.26 மடங்கு.

இந்தத் தவறைக் கண்டுபிடிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கண்டுபிடித்த இரண்டு வெக்டர்களும் செங்குத்தாக இருக்கின்றனவா என்று பார்ப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் சோதனை. மேலே சொன்ன தவறான இரண்டுக்கும் இடையிலான கோணம் 90 பாகையிலிருந்து ஒரு பாகை கூட விலகாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு திரும்பிவிட்டதால் ஒன்றுக்கொன்று சரியாகவே தெரிகின்றன. நம்பத்தக்க சோதனை வேறு: இரண்டாவது வெக்டரைக் கழித்த அணியில் சோதிக்காமல், மூல அணியால் பெருக்கிப் பார்க்க வேண்டும். விடை 1.465 மடங்காகத்தான் வருகிறதா? நான்கு இடங்களிலும் மீதம் எவ்வளவு? தவறான வெக்டருக்கு மீதம் நூறில் இரண்டு மூன்று அளவில் நிற்கும். சரியானதற்கு அது நம் தசமங்களின் எல்லைக்குள் மறைந்துவிடும். கழித்த அணி ஏற்கெனவே முதல் தவறை உள்வாங்கிக்கொண்டது. அதனிடம் கேட்டால் அது தனக்குச் சரியானதையே சொல்லும்.

1.26 சிறிய மடங்கு, அதனால் நம் பிள்ளைகளின் தேர்வு தப்பியது. முதல் மதிப்பு 100, இரண்டாவது 1 என்று இருக்கும் அணியை எடுங்கள். முதல் வெக்டரில் அரைப் பாகை சாய்வு இருந்தால் கழித்த பின் இரண்டாவது வெக்டர் சுமார் 30 பாகை விலகிப் போகிறது, ஐகன் மதிப்பு 1-க்குப் பதிலாக 1.5 என்று வருகிறது. இனி மூன்றாவது, நான்காவது என்று போனால் ஒவ்வொன்றும் முன்னவற்றின் பிழைகளையெல்லாம் சுமந்துகொண்டே வரும். இதனால்தான் ஓர் அணியின் எல்லா ஐகன் மதிப்புகளும் வேண்டும் என்றால் இன்று யாரும் இந்த வழியில் போவதில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஜான் ஃபிரான்சிஸும் வேரா குப்லனோவ்ஸ்கயாவும் தனித்தனியே உருவாக்கிய க்யூஆர் முறை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. மேலே உள்ள இரண்டு மூன்று மட்டும் போதும் என்ற இடத்தில் டிஃப்ளேஷன் இன்னும் நேர்மையாக உழைக்கிறது.

அப்படிப்பட்ட இடங்களில் அணி பெரும்பாலும் பிரம்மாண்டமானதாகவும், பெரும்பகுதி பூஜ்யங்களாகவும் இருக்கும். ஒரு லட்சம் வரி, ஒரு லட்சம் நிரல் கொண்ட அணியில் பூஜ்யமல்லாத எண்களை மட்டும் சேமித்தால் சாதாரணக் கணினியே தாங்கும். ஆனால் அதிலிருந்து λ u uᵀ-ஐ உண்மையாகவே கழித்து எழுதினால் பூஜ்யமாக இருந்த இடமெல்லாம் நிரம்பிவிடும். 1,000 கோடி எண்கள், எண்ணுக்கு எட்டு பைட் என்றால் 80 ஜிகாபைட். ஆகவே கழித்த அணியை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மூல அணியால் வெக்டர் x-ஐப் பெருக்கிவிட்டு, u-வும் x-உம் சேர்ந்த புள்ளிப்பெருக்கத்தை λ-ஆல் பெருக்கி, அந்த அளவு u-வை விடையிலிருந்து கழித்துவிடுகிறார்கள். அணியில் ஓர் எண்ணும் மாறாது. கூடுதலாக நினைவில் வைக்க வேண்டியது ஒரு லட்சம் எண்கள் கொண்ட ஒரே ஒரு வெக்டர்.

இதுவரை சொன்னதெல்லாம் சமச்சீர் அணிக்கு. சமச்சீர் இல்லாத அணியில் அதே சூத்திரத்தைப் போட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். முதல் வரி 4, 1, இரண்டாவது வரி 2, 3 என்ற சிறிய அணியை எடுங்கள். ஐகன் மதிப்புகள் 5, 2. முதலாவதன் வெக்டர் (1, 1), இரண்டாவதன் வெக்டர் (1, −2). இவை இரண்டும் செங்குத்து அல்ல. (1, 1)-ஐ வைத்து முன்போலவே கழித்தால் 1.5, −1.5 என்ற வரியும் −0.5, 0.5 என்ற வரியும் வரும். அதன் ஐகன் மதிப்புகள் 0, 2. மதிப்பு மிகச் சரி! ஆனால் 2-க்குரிய வெக்டர் (3, −1) என்று வருகிறது. மூல அணியால் அதைப் பெருக்கினால் (11, 3) கிடைக்கிறது, (6, −2) அல்ல. எண் உண்மை, திசை பொய். திசையும் வேண்டுமானால் இடது ஐகன் வெக்டர் என்ற இன்னொன்று தேவை. அணியின் வரிகளையும் நிரல்களையும் மாற்றி எழுதி அதிலும் பவர் முறையை ஓட்டினால் அது கிடைக்கும். இங்கே அது (2, 1). இடதையும் வலதையும் பெருக்கி எழுதிய அட்டவணையை, இரண்டின் புள்ளிப்பெருக்கமான 3-ஆல் வகுத்து, 5 மடங்காக்கிக் கழித்தால் (1, −2) பழுதின்றி மிஞ்சுகிறது. இங்கேயும் தவறைக் காட்டிக்கொடுத்தது மூல அணியால் பெருக்கிப் பார்த்த சோதனைதான்.

எவ்வளவு தூரம் கழித்துக்கொண்டே போகலாம்? மூலைவிட்டத்தில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம். ஹோட்டெலிங்கின் அட்டவணையில் அது 4. முதல் கழித்தலுக்குப் பிறகு மூலைவிட்டத்தைக் கூட்டினால் 2.153, இரண்டாவதற்குப் பிறகு 0.688. எடுத்த இரண்டு கூறுகளே மொத்தத்தில் 83 சதவீதத்தை விளக்கிவிட்டன. இந்தக் கூட்டுத்தொகை ஒவ்வொரு கட்டத்திலும் கணக்குச் சரிபார்க்கவும் உதவும். நம் λ அளவுக்குத்தான் அது குறைய வேண்டும், குறையவில்லையென்றால் கழித்தலில் எங்கோ எண் பிசகிவிட்டது.

மீதி இரண்டு மதிப்புகள் 0.521, 0.167. சூத்திரம் அவற்றையும் தரும், வெக்டர்களோடு தரும். ஆனால் 140 பிள்ளைகளிடமிருந்து எடுத்த ஓர் ஒட்டுறவு எண்ணில், தொடர்பே இல்லாவிட்டாலும், தற்செயலாகவே 0.08 அளவு ஏற்ற இறக்கம் வரும். அட்டவணையின் 0.081, −0.061, 0.092 ஆகிய மூன்று எண்களும் அந்த அளவில்தான் இருக்கின்றன. வேறு 140 பிள்ளைகளை எடுத்திருந்தால் கடைசி இரண்டு வெக்டர்களில் உள்ள எண்கள் எளிதில் இடம் மாறியிருக்கும். மூன்றாவது கழித்தலைச் செய்வதற்கு முன் பார்க்க வேண்டிய எண் அந்த 0.08.